குரூப் சாட் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வந்திருக்கா? சுருக்கமா, முடிவா, பதிலா... என்ன கேட்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிறது எப்படி?

வாட்ஸ்அப்பில் அம்மாவோ, அக்காவோ, நண்பரோ நீளமான குரூப் சாட் ஸ்க்ரீன்ஷாட்டுகளை அனுப்பியிருப்பாங்க. கூட ஒரு வார்த்தையும் இருக்காது. போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க. இதை வச்சு நாம என்ன செய்யணும்?

இப்படி அனுப்புறவங்களுக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தேவைப்படும். 'இவ்வளவு நேரம் என்ன பேசினாங்க' என்ற சுருக்கம். 'கடைசியில் என்ன முடிவாச்சு' என்ற பதில். அல்லது 'நான் என்ன பதில் போடணும், எழுதிக் கொடு' என்ற உதவி. இதில் எது என்பதற்கான குறிப்பு பல நேரம் அந்தப் படத்திலேயே இருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

முதலில் எங்கே பார்க்கணும்?

வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டில் வலது பக்கம் இருக்கும் மெசேஜ்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவர் போட்டவை. இடது பக்கம், பெயரோடு வருபவை மற்றவர்களுடையவை. அதனால் முதலில் வலது பக்கத்தைப் பாருங்க.

வலது பக்கம் எதுவுமே இல்லை, மேலே 'unread messages' என்ற பட்டை தெரியுது என்றால், அவர் இன்னும் எதையும் படிக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குத் தேவை சுருக்கம்.

அவர் நடுவில் பேசியிருக்கார், அதற்குப் பிறகு மற்றவர்கள் மாறி மாறி பேசியிருக்காங்க, ஆனா அவரிடம் யாரும் எதுவும் கேட்கலை என்றால் அவருக்கு முடிவு தெரிஞ்சா போதும்.

கடைசிப் படத்தில் '@' போட்டு அவர் பெயர் இருக்கு, அல்லது அவருடைய மெசேஜுக்கே ரிப்ளை செய்து யாரோ கேள்வி கேட்டிருக்காங்க என்றால் அவருக்குத் தேவை பதில். கீழே டைப் செய்யும் கட்டத்தில் பாதி எழுதி நிற்கும் வார்த்தைகள் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். எழுத ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் உங்களுக்கு அனுப்பியிருக்காங்க.

ஓர் உதாரணம்: 24 வீடு, ஒரு மோட்டார்

24 வீடுகள் இருக்கும் ஒரு அப்பார்ட்மென்ட். போர்வெல் மோட்டார் பழுது. அங்கே இருக்கும் அக்கா, வெளியூரில் இருக்கும் தம்பிக்கு நான்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாங்க, ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

முதல் படத்தில் புது மோட்டாருக்கு 72,000 ரூபாய், வீட்டுக்கு 3,000 என்கிறார் செயலாளர். வலது பக்கத்தில் அக்காவின் மெசேஜ்: '3000 அனுப்பிட்டேன்'. இரண்டாவது படத்தில் ஒரு வாக்கெடுப்பு. புது மோட்டாருக்கு 13 ஓட்டு, ரீவைண்டிங் செய்ய 7 ஓட்டு, 4 வீடுகள் ஓட்டே போடலை. மூன்றாவது படத்தில் செயலாளர் மறுபடி வருகிறார்: 'மெக்கானிக் பார்த்துட்டார், காயில் மட்டும்தான் போயிருக்கு. 18,000-ல ரீவைண்டிங் பண்ணிடலாம்.' இதற்கு நிறைய கட்டைவிரல்கள். கீழேயே பொருளாளர்: 'அப்போ வீட்டுக்கு 750. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுங்க.' நான்காவது படத்தில் தண்ணி லாரி பற்றிய புலம்பல், ஒரு குட் மார்னிங் படம், அதற்கு நடுவே பொருளாளர் அக்கா பெயரை '@' போட்டு, 'மேடம், மீதியைத் திருப்பி அனுப்பவா, மெயின்டனன்ஸ்ல கழிச்சுக்கவா?'

முடிவு எது?

அவசரமாகப் பார்த்தால் 13 ஓட்டு வாங்கிய புது மோட்டார்தான் முடிவு என்று தோன்றும். ஆனால் அது இல்லை. அதிக ஓட்டு விழுந்ததும் முடிவு ஆகாது, கடைசியாக வந்த மெசேஜும் முடிவு ஆகாது. எந்தப் பேச்சுக்குப் பிறகு தொகை, தேதி, யார் செய்வது என்ற விவரங்கள் மாறுகிறதோ, அதுதான் முடிவு. இங்கே செயலாளர் ரீவைண்டிங் என்றதும் 3,000 என்பது 750 ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை என்ற தேதியும் வந்துவிட்டது. புது மோட்டாருக்கு ஓட்டு போட்டவர்கள் யாரும் அதன் பிறகு மறுக்கவும் இல்லை.

மறுப்பு வந்ததா என்பதையும் கட்டாயம் பார்க்கணும். 'ஓகே' என்ற ஒற்றை வார்த்தை எதற்கான ஓகே என்று, அதன் மேல் இருக்கும் ரிப்ளை பெட்டியைப் பார்த்தால்தான் தெரியும். பெட்டி இல்லாத ஓகேவைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்காதீங்க.

அக்காவுக்கு என்ன தேவை?

தேவை பதில்தான். 3,000 கொடுத்ததில் 750 போக 2,250 ரூபாய் பாக்கி. அதை என்ன செய்வது என்று அவரிடம் நேரடியாகக் கேட்டிருக்காங்க. ஆனால் தம்பி உடனே 'திருப்பி அனுப்பிடுங்க' என்று எழுதிக் கொடுத்தால் அது தவறாகலாம். அக்கா எதை விரும்புறாங்க என்பது எந்தப் படத்திலும் இல்லை.

மூன்று தேவைகளில் எதைத் தப்பாக யூகித்தாலும் விளைவு ஒரே மாதிரி இருக்காது. தேவையில்லாமல் சுருக்கம் எழுதினால் நேரம்தான் போகும். முடிவைத் தப்பாகச் சொன்னால் பணம் போகும். பதிலைத் தப்பாக எழுதிக் கொடுத்து, அவர் அப்படியே போட்டுவிட்டால், 23 வீட்டுக்காரர்கள் முன்னால் அது அவருடைய வார்த்தை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். திருத்தினாலும் திருத்தியது என்ற குறிப்பு அதில் நிற்கும்.

அதனால் தம்பி அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

'அக்கா, புது மோட்டார் இல்லை, ரீவைண்டிங்னு முடிவாயிருக்கு. வீட்டுக்கு 750. உனக்கு 2,250 திரும்ப வரணும். பணமா வேணுமா, மெயின்டனன்ஸ்ல கழிக்கணுமான்னு பொருளாளர் கேட்கிறார். எதுன்னு சொல்லு, பதில் எழுதித் தரேன்.'

முதல் வரியில் முடிவு, அடுத்து அவரைத் தொடும் விஷயம், கடைசியில் ஒரே கேள்வி. அக்கா கேட்க நினைத்தது முடிவை மட்டும்தான் என்றாலும், சுருக்கம்தான் என்றாலும், இந்த மெசேஜ் வீண் போகாது.

யூகிக்கக் கூடாத இடங்கள்

படங்கள் வரிசை மாறி வந்திருக்கலாம். நேரத்தையும், நடுவில் வரும் தேதியையும், ஒரு படத்தின் கடைசி மெசேஜ் அடுத்த படத்தின் தொடக்கத்தில் இருக்கிறதா என்பதையும் ஒப்பிடுங்க. தொடர்ச்சி விட்டுப்போயிருந்தால் முடிவு அந்த இடைவெளியில் இருக்கலாம். அப்போது 'நடுவுல ஒரு படம் விட்டுப்போச்சு' என்று கேட்டுவிடுவதே சரி.

ஸ்க்ரோல் செய்து எடுக்கும் நீளமான ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும்போது எழுத்து மங்கிவிடும். 3,000 என்பது 8,000 போலத் தெரியலாம். தொகை, தேதி தெளிவாக இல்லை என்றால் அதையே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்க.

அனுப்புறவங்க நீங்களாக இருந்தால், படத்தின் கீழே மூணு வார்த்தை போதும். 'என்ன முடிவாச்சு பாரு' அல்லது 'என்ன பதில் போடட்டும்?'