டம்பார்டனிலிருந்து விருத்தாசலம் வரை ஒரு சீட்டு

ஆலோசனைப் பெட்டிக்குள் தொழிலாளி போடும் சீட்டுக்குப் பூர்விகம் ஸ்காட்லாந்து. கிளைடு ஆற்றோரம் டம்பார்டன் என்ற ஊரில் வில்லியம் டென்னி அண்ட் பிரதர்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் இருந்தது. 1880-ல் அங்கே ஒரு பரிசுக் குழு அமைத்தார்கள். வேலையைச் சுலபமாக்கும் கருவியையோ முறையையோ கண்டுபிடித்துச் சொல்லும் தொழிலாளிக்கு 2 பவுண்டிலிருந்து பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். தொழிலாளியின் யோசனைக்கு ஏற்படுத்தப்பட்ட முறையான திட்டங்களில் எழுத்தில் பதிவாகியுள்ள முதல் திட்டம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கும் ஐராவதி நதிப் போக்குவரத்துக்கும் கப்பல் கட்டிக் கொடுத்த தளம் அது. ரங்கூனுக்குப் போன நம்மவர்களில் சிலராவது அந்தத் தொழிலாளிகள் அடித்த ஆணியின் மேல் உட்கார்ந்து போயிருப்பார்கள்.

டென்னியின் குழு எதிர்பார்த்தது கண்டுபிடிப்பை. சீட்டு அட்லாண்டிக்கைத் தாண்டியபோது வேறு ஒன்று நடந்தது. 1898-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் கோடக் கம்பெனி தன் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே பரிசு பெற்ற முதல் யோசனை இதுதான்: ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவினால் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் கூடும். இதற்கு 2 டாலர் கொடுத்தார்கள்.

இந்த ஜன்னலைத் தாண்டி உடனே போக எனக்கு மனமில்லை. எந்த ஆலையில் பெட்டி வைத்தாலும் முதலில் விழும் சீட்டுகள் இந்த ஜாதிதான். மின்விசிறி ஓடவில்லை, குடிதண்ணீர் தூரத்தில் இருக்கிறது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றுதான் எழுதுவார்கள். திறந்து பார்க்கும் மேலாளர் உதட்டைப் பிதுக்குவார். “யோசனை கேட்டா புகார் எழுதுறாங்க” என்பார். சீட்டுகள் ஒரு கோப்பில் போய்ச் சேரும். அதோடு பெட்டியின் கதை முடிந்தது, பூட்டு மட்டும் துருப்பிடித்துத் தொங்கும். எழுதியவர் முதல் சீட்டில் சோதிப்பது பெட்டியைத்தான்; தன் அறிவை அல்ல. தாழ்ப்பாள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைப் பற்றி அவர் வாய் திறப்பார். கோடக்கில் கண்ணாடியைக் கழுவியதோடு காசும் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் பல பத்தாண்டுகள் ஓடியது.

இந்தியாவுக்குச் சீட்டு வந்தது ஜாம்ஷெட்பூர் வழியாக. டாடா இரும்பு ஆலையில் 1930களின் தொடக்கத்திலேயே ஆலோசனைப் பெட்டித் திட்டம் இருந்தது. 1956-ல் அதே ஆலையின் நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துறை, ஆலை, நிறுவனம் என்ற மூன்று மட்டங்களில் இரு தரப்பும் கூடிப் பேசும் மன்றங்கள் அதனால் வந்தன. தனியாகக் கிடந்த சீட்டுக்கு உட்கார்ந்து பேச ஒரு மேசை கிடைத்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் சீட்டின் குணத்தையே மாற்றிய பயணம் கிழக்கே நடந்தது. 1950-ல் டொயோட்டாவில் பெரிய வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, தலைவர் ராஜினாமா என்று எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. அதே ஆண்டு எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனார். அங்கே அவர் கண்டவற்றில் ஆலோசனைத் திட்டமும் ஒன்று. 1951-ல் டொயோட்டாவிலும் அது தொடங்கியது. தொடங்கிய 40 ஆண்டுகளில் வந்து சேர்ந்த யோசனைகள் 2 கோடி.

இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணம் பரிசுத் தொகை அல்ல, அது சின்னதுதான். காரணம் சீட்டு போகும் வழி. அமெரிக்க முறையில் சீட்டு பெட்டியிலிருந்து தலைமை அலுவலகக் குழுவுக்குப் போகும். குழு மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கூடும். மிச்சமாகும் பணத்தில் இத்தனை சதவீதம் பரிசு என்பதால் கணக்குப் பார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். பெரிய யோசனை உள்ள சிலர் மட்டும் எழுதுவார்கள். டொயோட்டா முறையில் சீட்டு முதலில் போவது எழுதியவரின் சூப்பர்வைசரிடம். சின்ன யோசனை என்றால் அவரே முடிவு சொல்லலாம், எழுதியவரோடு சேர்ந்து செய்தும் பார்க்கலாம். செய்து பார்த்த பிறகு சீட்டு எழுதுவதும் உண்டு. அதனால் ஏற்கப்படும் விகிதம் மிக அதிகம். சீட்டு நடக்கும் தூரம் குறையக் குறைய அதன் ஆயுள் கூடியது.

இந்த வழிதான் தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆலையில் உள்ள ஒவ்வொருவரும் யோசனை சொல்ல வேண்டும் என்பது அந்த ஜப்பானியத் தர முறையின் ஓர் அங்கம். பிறகு வாகன உதிரிபாக ஆலைகள் பலவற்றில் இது பரவியது. பரவிய இடமெல்லாம் ஒரு நோயும் கூடவே போனது: ஆளுக்கு மாதம் ஒன்று என்று இலக்கு வைப்பது. மாதக் கடைசி இரண்டு நாளில் சீட்டு குவியும். “இங்கே பெயிண்ட் அடிக்கலாம்”, “அங்கே போர்டு வைக்கலாம்” என்று எழுதியிருக்கும். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். சீட்டின் எண்ணிக்கையைவிட, ஆண்டில் ஒருமுறையாவது எழுதியவர் எத்தனை பேர், எழுதிய நாளுக்கும் முதல் பதிலுக்கும் எத்தனை நாள் என்ற இரண்டு கணக்கும்தான் உண்மையைச் சொல்லும்.

இனி கம்மாபுரம் பக்கம் வருவோம். ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம், மறுபக்கம் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் உள்ள பணிக்குழு அமைக்கச் சொல்லலாம் என்றது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். 2020-ன் தொழில் உறவுத் தொகுப்பும் நூறு என்றுதான் சொல்கிறது. இருபது பேர் இருந்தால் குறைதீர் குழு வேண்டும். பீங்கான் பட்டறை ஒன்றில் பத்துப் பதினைந்து பேர்தான், பெரும்பாலும் பெண்கள். சட்டம் சொல்லும் இந்தக் குழுக்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சீட்டு பிழைக்குமா என்று பார்க்க இதைவிடக் கடினமான இடம் கிடையாது.

ஒரு சீட்டை நடக்கவிட்டுப் பார்ப்போம். இது கற்பனைச் சீட்டு. ஆனால் வேலை நிஜமானது. மின்சார ஃப்யூஸ் கேரியர் செய்யும் ஷெட். ஈரப்பதமான பீங்கான் மாவை டையில் போட்டுக் கைப்பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிறார்கள். பலகையில் அடுக்கிக் காயவிடுகிறார்கள். பிசிறு நீக்கி, கிளேஸில் முக்கி, அடிப்பக்கத்தைத் துடைத்துச் சூளை வண்டியில் ஏற்றுகிறார்கள். அடி துடைக்காவிட்டால் கிளேஸ் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிசிறு எடுக்கும் அக்கா ஒருவர் கவனிக்கிறார்: மேற்குக் கதவோரப் பலகையில் வரும் பீஸ்களில்தான் திருகாணித் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் அதிகம். வெளிக்காற்று ஒரு பக்கத்தை மட்டும் சீக்கிரம் காயவைக்கிறது. காய்ந்த பக்கம் சுருங்குகிறது, ஈரப் பக்கம் சுருங்கவில்லை. மெல்லிய இடத்தில் பிளக்கிறது.

அவர் எழுதப் போவதில்லை. எழுதுவது பலருக்குக் கூச்சம். ஆகவே சூப்பர்வைசர் நோட்டில், அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். தேதியும் அவர் பெயரும் போட வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பவர் ரசீது வாங்காமல் நகரமாட்டார். அதுபோல இதற்கும் வரிசை எண் போட்ட துண்டு ஒன்று கையில் கொடுத்தால் நல்லது. பெயரை எழுதுவதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. யோசனை நல்லதாக அமைந்தால் அது மேஸ்திரியுடையதாகிவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்தது சோதனை. ஒரு வாரத்துக்குக் கதவோரப் பலகைகளில் பாதியை முதல் நாள் பாலிதீன் போர்த்தி, மறுநாள் திருப்பி வைக்கிறார்கள். மீதியை வழக்கம்போல விடுகிறார்கள். காய்ந்த பீஸில் மண்ணெண்ணெய் தடவினால் விரிசல் கோடாகத் தெரியும். இரண்டு வகையிலும் ஐந்நூறு பீஸ் எடுத்து எண்ணுகிறார்கள். வழக்கமான பலகையில் 30, போர்த்தியதில் 9 என்று வைத்துக்கொள்வோம். சுடாத பீஸ் உடைந்தால் மாவாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். சூளைக்குப் போய் வந்த பிறகு விரிசல் தெரிந்தால் மாவு, கிளேஸ், எரிபொருள், கூலி எல்லாம் போச்சு. ஆகவே அந்த 21 பீஸின் மதிப்பு, சூளைக்கு முன்னால் எத்தனை கண்ணில் பட்டிருக்கும் என்பதைப் பொறுத்தது. இந்தக் கணக்கைப் போடாமல் “நல்ல யோசனை” என்று கைதட்டுவதில் பயன் இல்லை.

இங்கேதான் சீட்டு சாகக்கூடிய இடம். ஷெட்டில் கூலி பீஸ் கணக்கு. பலகையைப் போர்த்துவது, திருப்புவது எல்லாம் நேரம் தின்னும் வேலை. அதற்கு யார் கூலி தருவது? அக்கா சொன்ன யோசனையால் பக்கத்துப் பெண்ணுக்கு தினம் அரைமணி நேரக் கூலி போனால், அடுத்த சீட்டை அந்த ஷெட்டில் யாரும் கொடுக்கமாட்டார்கள். இன்னொரு பக்கம், வேலையை வேகமாக்கும் யோசனை சொன்னால் முதலாளி பீஸ் ரேட்டைக் குறைப்பார். “வேகமாத்தான் வருதே” என்பார். இந்த இரண்டையும் பார்த்த தொழிலாளி வாயை மூடிக்கொள்வது அறியாமை இல்லை, கணக்கு. ஆகவே பெட்டி வைக்கும் முன்பே முதலாளி எழுதி ஒட்ட வேண்டியது இதுதான்: தொழிலாளி சொன்ன யோசனையால் ரேட் குறையாது, கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி உண்டு. இதை ஒட்டத் தயங்கும் முதலாளி பெட்டியே வைக்க வேண்டாம்.

சோதனையில் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். விரிசலுக்குக் காரணம் டையின் கூரான மூலையாக இருக்கலாம். அப்போதும் பதில் போக வேண்டும், ஒரு வாரத்துக்குள், சொன்னவரிடம் நேராக, எண்ணிய பீஸ்களைக் காட்டி. காரணத்தோடு வரும் “முடியாது” மனிதர்களை விரட்டுவதில்லை. பதிலே வராததுதான் விரட்டும்.

இந்த வழியில் போகக்கூடாத சீட்டும் ஒன்று இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றிய புகாரைச் சூப்பர்வைசர் நோட்டில் எழுதக் கூடாது. பல நேரம் புகாரே அவர் மேல்தான் இருக்கும். 2013-ன் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. அந்தக் குழு எங்கே இருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்பதை ஷெட் சுவரில் தமிழில் எழுதி வைத்தால் போதும். நோட்டையும் அதையும் கலந்துவிட்டால் இரண்டும் கெடும்.

கதவோரச் சீட்டு கடைசியில் போய்ச் சேரும் இடம் கூலிப் பதிவேடு. “பலகை போர்த்தித் திருப்ப” என்று ஒரு புதிய வரி, அதற்கு எதிரே ஒரு தொகை. அந்த வரி விழுந்த மாதமே அடுத்த சீட்டு வந்துவிடும். அது கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி இருந்தால், முதலில் அதைப் போடுங்கள்.