வாஷிங்டன் குழுவின் ஆறு வினாக்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் பொதுச் சுகாதாரத் திட்டங்களிலும் ஒருவரின் செயல்பாட்டுச் சிரமத்தை அறியப் பயன்படும் குறுகிய வினாத்தொகுப்பு. ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின்கீழ் இயங்கும் வாஷிங்டன் குழு இதை உருவாக்கியது.

பழைய கணக்கெடுப்புகள் குறைபாட்டின் பெயரைக் கேட்டன. இந்தியாவில் 1872 முதல் 1931 வரை பார்வையின்மை, செவித்திறனின்மை, மனநோய், தொழுநோய் ஆகியவை பதிவாயின. பின்னர் 1981 வரை இக்கேள்வி இடம்பெறவில்லை.

சுகாதாரத் துறையிலோ, 1978இன் அல்மா-அட்டா பிரகடனம் ஆரம்பச் சுகாதாரப் பணிகளில் மறுவாழ்வையும் சேர்த்தது. 1989இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுக் கையேட்டின் ஆசிரியர்களில் இலங்கையின் பத்மனி மெண்டிஸும் ஒருவர். குடும்பத்தாரும் ஊர்ப் பணியாளரும் வீட்டிலேயே பயிற்சி அளிக்கும் முறையை அது விளக்கியது.

2001இல் ஏற்கப்பட்ட ஐ.சி.எஃப். வகைப்பாடு, உடற்குறையோடு செயல்பாட்டையும் சூழலையும் சேர்த்துப் பார்த்தது. அதே ஆண்டு அமைந்த வாஷிங்டன் குழு, பார்த்தல், கேட்டல், நடத்தல் அல்லது படியேறுதல், நினைவும் கவனமும், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என ஆறு செயல்களைத் தேர்ந்தது. வினாக்களில் ‘ஊனம்’, ‘மாற்றுத்திறன்’ போன்ற சொல் எதுவும் வராது. கூச்சத்தால் மறைப்பவரும், முதுமைத் தளர்ச்சியை ஊனமாகக் கருதாதவரும் இதனால் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறது. பார்வை பற்றிய வினா, “கண்ணாடி அணிந்திருந்தாலும்” சிரமம் உண்டா என்று கேட்கும். கேட்டலில் செவிக்கருவியும் அவ்வாறே குறிக்கப்படும். நடத்தல் வினாவில் ஊன்றுகோல் பற்றிய பேச்சே இல்லை.

சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், அறவே முடியாது என்பன நான்கு விடைகள். ஏதேனும் ஒரு செயலில் ‘மிகுந்த சிரமம்’ அல்லது அதற்கு மேல் சொன்னவரே மாற்றுத்திறனாளிகள் கணக்கில் சேர்வார். கண்ணாடி போட்டும் பார்ப்பதில் ‘ஓரளவு சிரமம்’, படியேறுவதில் ‘மிகுந்த சிரமம்’ என்று ஒரு மூதாட்டி கூறினால் இரண்டாம் விடையால் அவர் சேர்கிறார். வினா கேட்பவர் நான்கையும் வாசிக்காமல் “சிரமம் உண்டா, இல்லையா?” என்று சுருக்கினால் இந்த அளவுகோலே குலையும். ‘ஓரளவு சிரமம்’ சொன்னவரையும் சேர்க்க வேண்டுமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை இதில் தப்பிவிடுகின்றன என்ற விமர்சனமும் உண்டு; குழுவின் விரிவான தொகுப்பு அவற்றையும் கேட்கிறது.

2012இல் இலங்கைக் கணக்கெடுப்பு இவ்வகை வினாக்களைக் கேட்டது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 விழுக்காட்டினர் சிரமம் தெரிவித்தனர். எட்டு வகைக் குறைபாடுகளைக் கேட்ட 2011 இந்தியக் கணக்கெடுப்பு கண்டது 2.21 விழுக்காடு. வேறுபாட்டில் எவ்வளவு கேள்வி முறையால் வந்தது என்பதை இவ்வெண்களைக் கொண்டு மட்டும் கூற இயலாது.

குழந்தைகளுக்கான தனித் தொகுப்பு 2016இல் யுனிசெஃபுடன் இணைந்து வெளியானது.

ஆறு வினாக்களும் சேவை சென்றடையாதவர்களைக் கண்டறிய உதவுமே தவிர, நோயை நிர்ணயிப்பதில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மருத்துவ மதிப்பீடே அடிப்படை.