தலைமாற்றப் படத்தொகுப்பு: தொடக்கநிலைப் பிழைகளும் மாஸ்க் முறையும்

தலைமாற்றம் என்பது ஒரே காட்சியை எடுத்த இரண்டு படங்களில் ஒன்றிலிருந்து ஒருவருடைய முகத்தை அல்லது தலையை எடுத்து மற்றொன்றில் பொருத்தும் படத்தொகுப்பு வேலை. ஸ்டுடியோக்களில் இதை ‘ஹெட் ஸ்வாப்’ என்பார்கள். குழுப்படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருந்தாலோ, வேறு பக்கம் திரும்பியிருந்தாலோ இந்த வேலை தேவைப்படுகிறது. போட்டோஷாப், ஜிம்ப் போன்ற மென்பொருள்களில் இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. மேல் லேயரில் வேண்டாத பகுதியை இரேசரால் அழிப்பது ஒன்று. அதே பகுதியை மாஸ்க் போட்டு மறைப்பது மற்றொன்று. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் முதல் வழியில் தொடங்குகிறார்கள். அவர்கள் செய்யும் பிழைகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன.

பின்னணி

படத்தின் ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியை வேறொரு படத்தால் நிரப்பும் உத்தி கணினிக்கு முந்தையது. தமிழ்த் திரையுலகில் இதற்கு ‘மாஸ்க் ஷாட்’ என்று பெயர். 1940இல் வெளிவந்த மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்தில் ஒரே நடிகர் இருவராகத் தோன்றும் காட்சிக்கு லென்ஸின் ஒரு பாதியை மூடிப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மூடி மீண்டும் எடுப்பார்கள். இணைப்புக் கோட்டை நடிகர் கடந்துவிட்டால் இரண்டு பதிவுகளும் வீண். திருத்த வழி கிடையாது, முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

கணினியில் இந்தக் கட்டுப்பாடு மெல்லத் தளர்ந்தது. 1990இல் வந்த போட்டோஷாப்பின் முதல் பதிப்பில் லேயர் இல்லை. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு லேயரைக் கொண்டுவந்தது. பல படிகள் பின்னோக்கிச் செல்ல உதவும் ஹிஸ்டரி பட்டியல் 1998இல் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் கடைசியாகச் செய்த ஒரு செயலை மட்டுமே மீட்க முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் அறுபதாம் கல்யாணக் குழுப்படம் எடுப்பதாகக் கொள்வோம். கேமரா முக்காலியில் நிற்கிறது. சில நொடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கப்படுகின்றன. முதல் படத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நடுவில் அமர்ந்திருக்கும் பாட்டி மட்டும் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவது படத்தில் பாட்டி சிரிக்கிறார், ஆனால் குழந்தைகள் கலைந்துவிட்டார்கள். முதல் படத்தைக் கீழ் லேயராகவும் இரண்டாவதை மேல் லேயராகவும் வைத்து, பாட்டியின் தலையை மட்டும் மேலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விளக்கப்படும் பிழைகள் எல்லாம் இந்த ஒரே வேலையில் நேரக்கூடியவை.

கூர்விளிம்புப் பிழை

இரேசருக்கும் பிரஷ்ஷுக்கும் ‘ஹார்ட்னெஸ்’ என்ற அளவு உண்டு. அது 100 விழுக்காட்டில் இருந்தால், அழித்த இடமும் அழிக்காத இடமும் ஏறக்குறைய ஒரே பிக்சலில் பிரிந்துவிடும். ஆனால் கேமரா பதிவு செய்யும் விளிம்பு எதுவும் அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. கன்னத்தின் ஓரமும் முடியின் ஓரமும் பின்னணியோடு சில பிக்சல் அகலத்தில் கலந்தே பதிவாகும். அந்த இயல்பான கலப்பின் நடுவே ஒரு பிக்சல் அகலத்தில் ஒரு வெட்டு வரும்போது, கத்தரிக்கோலால் நறுக்கி ஒட்டியது போலத் தலை தனித்துத் தெரிகிறது. பாட்டியின் கொண்டையில் வைத்த மல்லிகைச் சரத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கருமுடிக்கு எதிரில் வெள்ளைப் பூக்கள் பாதி பாதியாக நறுக்குண்டு நிற்கும்.

வேலை செய்யும்போது இது கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. 24 மெகாபிக்சல் படம் சுமார் 6000 பிக்சல் அகலமானது. 1920 பிக்சல் அகலத் திரையில் முழுப்படமும் தெரிய வேண்டுமென்றால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியாக வேண்டும். அந்தச் சுருக்கத்தில் ஒரு பிக்சல் வெட்டு மறைந்துவிடும். பெரிய அளவில் அச்சாகி ஆல்பத்தில் வந்த பிறகுதான் வெளியே தெரியும். எனவே விளிம்பை எப்போதும் 100 விழுக்காட்டுப் பார்வையில் வைத்தே சோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கூர்விளிம்புக்குப் பயந்து மிகப் பெரிய மென்பிரஷ்ஷால் அழித்தால் இரண்டு படங்களும் அகலமான ஒரு பட்டையில் பாதிப்பாதியாகத் தெரியும். இரண்டு படங்களுக்கும் இடையில் பாட்டியின் தலை சற்றே அசைந்திருக்கும் என்பதால் ஜிமிக்கி இரண்டாகத் தெரியும், காதோரம் நிழல் போன்ற இன்னொரு கோடு ஓடும். மென்மையான விளிம்பு எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை.

வெட்டுக்கோடு எங்கே விழ வேண்டும்

கூர்மையா மென்மையா என்று பார்ப்பதற்கு முன்னால், இணைப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். கற்பவர் இயல்பாக முகத்தின் வெளிக்கோட்டை ஒட்டியே அழிப்பார். முக்காலியிலிருந்து எடுத்த படங்களில் அது தேவையற்ற சிரமம். பாட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவர் இரண்டு படங்களிலும் ஒன்றே. தலையோடு சேர்த்துக் கொஞ்சம் சுவரையும் எடுத்துக்கொண்டால் இணைப்பு சுவரின் மேல் விழும், யார் கண்ணுக்கும் தெரியாது. கொண்டை, பூ, ஜிமிக்கி எல்லாம் முழுதாக உள்ளே வந்துவிடும்.

அத்தகைய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நேரடி வழி உண்டு. முதலில் போட்டோஷாப்பின் ‘ஆட்டோ அலைன்’ வசதியால் இரண்டு லேயர்களையும் பொருத்த வேண்டும். பிறகு மேல் லேயரின் கலப்பு முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்ற வேண்டும். இரண்டு படங்களும் ஒன்றுபோல இருக்கும் இடம் கறுப்பாகும். வேறுபடும் இடம் வெளிச்சமாகத் தெரியும். இடத்தைப் பார்த்துக்கொண்டதும் கலப்பு முறையை மீண்டும் ‘நார்மல்’ என்று மாற்றிவிட வேண்டும். கறுப்பான இடத்தின் வழியாக இணைப்பைக் கொண்டுபோனால் மென்பிரஷ் பாதுகாப்பானது. உடலோடு சேரும் இடத்தில் மட்டும் அப்படி ஒரு வெற்றிடம் கிடைக்காது. அங்கே சேலையின் கரை, ரவிக்கையின் கழுத்து, சங்கிலி போன்ற இயல்பான கோடு ஒன்றை ஒட்டி, சிறிய பிரஷ்ஷால், நடுத்தரமான கூர்மையில் இணைக்க வேண்டும். வெறும் தோலின் நடுவே இணைப்பை வைத்தால் மிகச் சிறிய நிற வேறுபாடும் பட்டையாகத் தெரியும்.

அன்டுவின் எல்லை

இரேசர் ஒரு லேயரின் பிக்சலை அழிக்கும்போது அந்த இடம் ஒளிபுகும் வெற்றிடமாகிறது. அதைத் திரும்பப் பெற அன்டுவையோ ஹிஸ்டரியையோதான் நம்ப வேண்டும். இவற்றுக்கு மூன்று எல்லைகள் உண்டு.

முதலாவது, எண்ணிக்கை. இன்றைய போட்டோஷாப் இயல்புநிலையில் 50 படிகளை வைத்திருக்கும். பழைய பதிப்புகளில் அது 20. பிரஷ்ஷின் ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு படி. சிறு சிறு தேய்ப்பாக ஒரு தலையைச் சுற்றி வருவதற்குள் தொடக்கப் படிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இந்த எண்ணிக்கையை அமைப்பில் கூட்டலாம், ஆனால் நினைவகம் அதிகம் செலவாகும்.

இரண்டாவது, கோப்பை மூடினால் ஹிஸ்டரி போய்விடும். இன்று அழித்ததை நாளை திறந்து மீட்க இயலாது.

மூன்றாவது எல்லைதான் எல்லாவற்றிலும் பெரியது. அன்டு செய்த வரிசையில்தான் பின்னோக்கிப் போகும். காதோரம் கொஞ்சம் அதிகமாக அழித்துவிட்டதை, கழுத்து, தோள், நிறச் சரிசெய்தல் எல்லாம் முடித்த பிறகு கவனிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அன்டுவால் காதை மீட்க வேண்டுமானால் அதற்குப் பின் செய்த நல்ல வேலைகளையும் இழக்க வேண்டும். நமக்குத் தேவை காது இருக்கும் இடத்தை மட்டும் திருத்துவது. அன்டுவுக்கு இடம் தெரியாது, நேரம் மட்டுமே தெரியும்.

மாஸ்க் எப்படி இயங்குகிறது

லேயர் மாஸ்க் என்பது லேயரோடு இணைந்த கறுப்பு வெள்ளைப் படம். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும், சாம்பல் நிறத்தில் பாதியளவு தெரியும். லேயரின் பிக்சல்கள் எதுவும் மாறுவதில்லை. காதோரம் அதிகமாக மறைத்துவிட்டால் அந்த இடத்தில் வெள்ளையால் பூசினால் போதும், காது திரும்பி வரும். இடையில் எத்தனை படிகள் கடந்திருந்தாலும் சரி, PSD கோப்பாகச் சேமித்து அடுத்த மாதம் திறந்தாலும் சரி, இது செல்லும்.

நமது எடுத்துக்காட்டில் வேலை போட்டோஷாப்பில் இப்படி நடக்கும். மேல் லேயரைத் தேர்ந்து, Alt விசையை அழுத்தியபடி மாஸ்க் பொத்தானைத் தட்டினால் முழுக் கறுப்பு மாஸ்க் வரும். மேல் படம் முழுதும் மறைந்துவிடும். D விசையைத் தட்டினால் பிரஷ் நிறங்கள் கறுப்பும் வெள்ளையுமாக அமையும். மென்பிரஷ்ஷில் வெள்ளையை எடுத்துப் பாட்டியின் தலையின் மேல் பூசினால் திறந்த கண்கள் வெளிவரும். எல்லை மீறினால் X விசையால் கறுப்புக்கு மாறி அந்த இடத்தை மூடிவிடலாம். Shift விசையோடு மாஸ்க் சிறுபடத்தைத் தட்டினால் மாஸ்க் தற்காலிகமாக விலகும். Alt விசையோடு தட்டினால் மாஸ்க் மட்டும் திரையில் தெரியும். தவறுதலாக விட்டுப்போன சாம்பல் புள்ளிகளை அப்போது எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.

மாஸ்க்கிலும் நேரும் பிழைகள்

மாஸ்க் சிறுபடத்துக்குப் பதிலாக லேயரின் சிறுபடம் தேர்வில் இருக்கும்போது பூசுவதே பரவலான பிழை. அப்போது கறுப்பும் வெள்ளையும் படத்தின் மேலேயே விழும். எந்தச் சிறுபடத்தைச் சுற்றிக் கட்டம் தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாஸ்க்கை லேயரோடு நிரந்தரமாகக் கலந்துவிடும் ‘அப்ளை’ கட்டளையும் லேயர்களை ஒன்றாக்கும் கட்டளையும் மறைத்த பகுதியை உண்மையாகவே அழித்துவிடும். JPEG வடிவத்தில் மட்டும் சேமித்தாலும் அதே இழப்புதான், ஏனெனில் அந்த வடிவத்துக்கு லேயர்களோ மாஸ்க்கோ கிடையாது.

மாஸ்க் விளிம்பை மட்டுமே கவனிக்கும், ஒளியைக் கவனிக்காது. இரண்டு படங்களுக்கும் இடையில் மேகம் சூரியனை மறைத்திருந்தால் முகத்தின் நிறமும் நிழலும் மாறியிருக்கும். அதற்கு மேல் லேயரோடு மட்டும் பிணைத்த கர்வ்ஸ் சரிசெய்தல் வேண்டும். வெளிச்சம் விழும் திசையே மாறியிருந்தால் மாஸ்க்காலும் கர்வ்ஸாலும் இயல்பாகப் பொருத்த முடியாது, வேறு படத்தைத் தேட வேண்டும்.

தலைமாற்ற வேலையில் இரேசரை அறவே தவிர்ப்பதும், ஆல்பம் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை மாஸ்க்குடன் கூடிய PSD கோப்பைப் பத்திரமாக வைத்திருப்பதும் கற்பவர் முதலில் பழக வேண்டியவை.