சொல்லுக்குக் காசு, அட்டைக்கு அளவு: புத்தூர் நோக்கில் தந்தி, தபாலட்டை வாழ்த்துகளின் வரலாறு

முன்னுரை

யாழ்ப்பாணத்தில் நன்மையையும் தின்மையையும் நீட்டிப் பாடுவதே மரபு. கலியாண வீட்டில் மணமக்களுக்கு வாழ்த்துப்பா எழுதி, அச்சிட்டு, கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுப்பார்கள். செத்த வீட்டில் 31ஆம் நாளுக்குக் குலமும் குணமும் உறவும் சொல்லும் செய்யுள்களோடு கல்வெட்டு வெளியிடுவார்கள். அதே வீடுகளுக்குத்தான் மூன்று சொல்லில் ஒரு தந்தியும், நாலு வரியில் ஒரு தபாலட்டையும் வந்து சேர்ந்தன. நீட்டிச் சொல்வதையே மரியாதையாகக் கருதிய சமூகம் இவ்வளவு சிறிய வாழ்த்தை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில், நிலாவரைக் கிணற்றுக்கு அருகே உள்ள புத்தூரை நோக்கிடமாக வைத்து இதைப் பார்க்கிறேன். குடாநாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இவ்வூரின் உலகமும் கொழும்பின் அரசாங்க உத்தியோகம், மலாயாவின் ரயில்வே மற்றும் எழுதுவினைஞர் வேலை என்று விரிந்திருந்தது. சுருக்கம் எல்லா ஊடகத்திலும் ஒரே வகையில் நிகழவில்லை. எதை எண்ணிக் காசு வாங்கினார்களோ அதுவே சுருங்கியது. தந்தியில் சொல் எண்ணப்பட்டது. ஆகவே சொல் சுருங்கியது. தபாலட்டையில் சொல் எண்ணப்படவில்லை. அங்கே சுருங்கியது பேசத்தக்க பொருள்.

தந்தி: முகவரி போக மிஞ்சியது

இலங்கையில் தந்தி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியாவோடும் இணைப்பு ஏற்பட்டது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கம்பி போடப்பட்டதும் மலாயாவும் இந்த வலைக்குள் வந்தது. கோலாலம்பூரிலிருந்து குடாநாட்டுக்கு வரும் செய்தி பல நிர்வாகங்களின் கம்பிகளைக் கடந்தது. ஒவ்வொரு சொல்லின் விலையிலும் அவை ஒவ்வொன்றுக்கும் பங்கு இருந்தது.

முகவரியும் சொல் கணக்கில் சேர்ந்ததே வாழ்த்தின் நீளத்தைத் தீர்மானித்தது. பிரித்தானியாவின் உள்நாட்டுத் தந்தி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1870இல் அங்கே ஒரு ஷில்லிங்குக்கு 20 சொற்கள் அனுப்பலாம், முகவரிக்குக் காசில்லை. 1885இல் கட்டணம் ஆறு பென்சாகப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்குக் கிடைத்தவை 12 சொற்கள், அதிலும் முகவரி அடங்கியது. விலை இறங்கியபோதே செய்தியும் சுருங்கிவிட்டது. சர்வதேசத் தந்தியிலும் முகவரி, செய்தி, கையெழுத்து மூன்றும் எண்ணப்பட்டன.

இந்த விதி புத்தூருக்கு மற்ற இடங்களைவிடக் கடுமையாக இருந்தது. ஆந்திராவில் ஒரு புத்தூர், கர்நாடகத்தில் ஒரு புத்தூர், திருச்சியில் ஒரு புத்தூர் இருக்கின்றன. ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் தந்தி வழிதவறலாம். போதாத முகவரியால் வரும் நட்டம் அனுப்புபவரையே சேரும். ஊருக்குள்ளும் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரையும் குறிச்சியையும் சேர்த்தால்தான் ஆளைப் பிரித்தறியலாம்.

மலாயாவிலிருந்து ஒரு கலியாண வாழ்த்து அனுப்புவதாக எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். தகப்பன் பெயர், பெறுபவர் பெயர், வாதரவத்தை, புத்தூர், யாழ்ப்பாணம், சிலோன் என்று முகவரிக்கே ஆறு சொல் போய்விடும். அனுப்புபவரின் பெயர் ஒன்று. நடுவில் ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ என்று மூன்று சொல். பத்துச் சொல்லுக்குக் காசு கட்டியவர் மூன்று சொல்லில்தான் வாழ்த்தினார். அந்த மூன்றை ஆறாக்க அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. வாழ்த்தை இரட்டிப்பாக்கினால் மொத்தச் செலவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். மாதச் சம்பளத்தில் ஊருக்குக் காசும் அனுப்பிய ஒரு கிளாக்கருக்கு அது சிறிய தொகை அல்ல.

தமிழும் 15 எழுத்து விதியும்

சொல்லுக்குக் காசு என்றால் சொல்லின் நீளத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சாதாரண மொழித் தந்தியில் 15 எழுத்து வரை ஒரு சொல். அதற்கு மேற்பட்டால் இரண்டாகக் கணக்கிட்டார்கள். மொழி வழக்குக்கு மாறாகச் சொற்களை ஒட்டி எழுதுவதையும் விதி தடுத்தது.

மோர்ஸ் குறியீட்டில் சென்றவை ரோமன் எழுத்துகள் என்பதால், தமிழைத் தந்தியில் அனுப்ப நினைத்தவர் அதை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். ‘திருமண’ என்பதற்கு ஒன்பது ரோமன் எழுத்து, ‘வாழ்த்து’ என்பதற்கு ஏழு. ‘திருமணவாழ்த்து’ என்று சேர்த்தால் 16. ஓர் எழுத்து மிகுந்து இரண்டு சொல்லாகிவிடும். ‘பல்லாண்டுவாழ்க’ 14 எழுத்தில் ஒரு சொல்லாக அடங்கும். அது வழக்கில் உள்ள சேர்க்கையா, காசை மிச்சம் பிடிக்க ஒட்டியதா என்பதை மொழி தெரிந்தவரே தீர்க்க முடியும்.

வினைச்சொல்லில் தமிழுக்கு இயல்பாகவே ஒரு வசதி இருந்தது. ‘வருகிறேன்’ என்ற ஒரே சொல்லில் ஆளும் காலமும் செயலும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அதை முழுமையாகச் சொல்ல மூன்று சொல் வேண்டும். தந்தி எழுதுபவர் முதலிரண்டையும் வெட்டிவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் வைப்பார். வெட்டாமலே முழுமையாக நிற்கும் வாக்கியம் தமிழினுடையது.

அப்படியிருந்தும் ஆங்கிலமே தந்தியின் வழக்கமான மொழியாயிற்று. அதற்கு முக்கிய காரணம் பிழை. ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் ரோமன் எழுத்தில் மங்கிப்போகும். இடையில் இருந்து செய்தியைக் கேட்டு எழுதும் அலுவலருக்குத் தமிழ் தெரியாவிட்டால், ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அவரால் உணர்ந்து திருத்த இயலாது. ஆங்கிலத்திலும் ஆபத்து இருந்தது. மோர்ஸில் ‘பி’ என்பது ஒரு கோடும் மூன்று புள்ளியும். கடைசிப் புள்ளிக்கு முன் சிறிது இடைவெளி விழுந்தால் அது ‘டி’, ‘இ’ என்ற இரண்டு எழுத்தாகக் கேட்கும். ‘மோசம்’ என்று பொருள்படும் ‘பேட்’ அந்த இடைவெளியால் ‘இறந்தார்’ என்ற ‘டெட்’ ஆகிவிடும். நீண்ட கடிதத்தில் பக்கத்துச் சொற்கள் பிழையைக் காட்டிக்கொடுக்கும். மூன்று சொல் தந்தியில் அந்தத் துணை கிடையாது. செய்தியை எதிர்முனையிலிருந்து திருப்பி அனுப்பிச் சரிபார்க்கும் வசதி இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம்.

ஆகவே எல்லோருக்கும் முன்பே தெரிந்த சொற்றொடரே பாதுகாப்பானதாயிற்று. பழகிய வாழ்த்தில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். வாழ்த்துத் தந்திகள் எல்லாம் ஒரே அச்சாக இருந்ததற்குச் சிக்கனத்தோடு இந்தத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு.

இலக்கமாகிய வாழ்த்து

பழகிய சொற்றொடர்தான் என்றானபின் அதை எழுத்தெழுத்தாக அனுப்புவானேன்? இந்தியத் தபால் தந்தித் துறை வாழ்த்துகளுக்கு இலக்கமிட்டுப் பட்டியல் வைத்திருந்தது. அனுப்புபவர் இலக்கத்தைத் தெரிவார். கம்பியில் இலக்கம் போகும். பெறும் கந்தோரில் அதற்குரிய வாசகம் எழுதிக் கொடுக்கப்படும். இலக்கம் 1 தீபாவளி வாழ்த்து. இளம் தம்பதியர்மீது வானுலகின் சிறந்த ஆசிகள் பொழியட்டும் என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இலக்கம் 16. அனுப்பும் செலவுக்கு மிகச் சிறியதாகவும், கலியாணப் பந்தலில் எழுந்து வாசிக்கத் தக்க நீளத்திலும் அந்த வாழ்த்து அமைந்தது. யாழ்ப்பாணத்து வாழ்த்துப்பா செய்த வேலையில் ஒரு பகுதியை இலக்கம் செய்தது என்று சொல்லலாம். ஆனால் பெயரும் குலமும் பாடும் இடம் அதில் இல்லை.

தந்தி என்றாலே கெட்ட செய்தி என்ற அச்சம் எங்கும் இருந்தது. பிரித்தானியத் தபால் துறை 1935 ஜூலையில் அலங்காரத் தாளும் பொன்னிற உறையும் கொண்ட வாழ்த்துத் தந்தியைக் கொண்டுவந்தபோது, உறையைக் கண்டவுடனே இது நல்ல செய்தி என்று தெரிந்தது. தமிழர் வீடுகளில் அந்த வேலையை மஞ்சள் முன்பே செய்துவந்தது. மங்கலச் செய்தி தாங்கிய தாளின் மூலைகளில் மஞ்சள் தடவினால், ஒரு சொல்லும் படிக்காமலே செய்தியின் இயல்பு விளங்கிவிடும்.

தபாலட்டை: திறந்திருக்கும் தாளின் அடக்கம்

தபாலட்டையை ஒஸ்திரியா–ஹங்கேரி 1869 அக்டோபர் 1ஆம் திகதி அறிமுகப்படுத்தியது. இலங்கைக்கு அது 1872இல் வந்தது. இந்தியாவுக்கு 1879இல் கால் அணா விலையில் வந்தது. 1878க்குப் பின் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த அளவு 14 சென்ரிமீற்றருக்கு 9. தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டது. பிரித்தானியா 1902இல் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பாதியில் எழுத அனுமதித்தது.

இங்கே எத்தனை சொல் எழுதினாலும் ஒரே விலை. ஆகையால் தந்தியில் விழுந்த மரியாதைச் சொற்கள் தபாலட்டையில் விழவில்லை. மேலே ‘சிவமயம்’, வலப்பக்கம் ஊரும் திகதியும், பிறகு உறவுமுறை விளி, ‘இங்கு யாவரும் சுகம், உங்கள் சுகமறிய ஆவல்’ என்ற நலவிசாரணை, முடிவில் ‘இப்படிக்கு’ என்று பெயர். இடப்பற்றாக்குறை இந்த வாசகங்களை நெருக்கியது, அகற்றவில்லை. வடமொழிக் கலப்பில் நீண்டு ஓடிய பழைய நலவிசாரணை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இறுகியது அட்டையின் அளவுக்கு மிகவும் பொருந்தியது.

அகன்றது வேறொன்று. தபால் கந்தோரில் தரம்பிரிப்பவர், தபால்காரர், படலையில் வாங்கும் அயலார் என்று யாரும் அட்டையைப் படிக்கலாம். சீதனப் பேச்சு, காணிச் சச்சரவு, கடன், நோயின் விபரம் எதுவும் அதில் எழுதப்படாது. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது நலமும் வரவும் வாழ்த்தும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் கொழும்புக்குத் திரும்பியவர் ‘சுகமாய் வந்து சேர்ந்தேன்’ என்று போடும் அட்டை இதற்கு நல்ல உதாரணம். செய்தி அவ்வளவுதான். அட்டை வந்துசேர்ந்ததே வீட்டாருக்குப் பாதி ஆறுதல்.

சொல் எண்ணப்பட்ட அட்டையும் ஒன்று இருந்தது. அச்சிட்ட வாழ்த்து அட்டையை ஒட்டாத உறையில், குறைந்த அச்சுப் பொருள் கட்டணத்தில் அனுப்ப உலக அஞ்சல் விதி இடம்கொடுத்தது. ஆனால் கையால் எழுதும் வாழ்த்து ஐந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மேற்பட்டால் அது கடிதம். கடிதத்துக்குரிய கட்டணம் வேண்டும். பொங்கல் வாழ்த்து அட்டையில் படமும் பாட்டும் அச்சில் இருக்க, ‘அன்புடன்’ என்ற சொல்லும் ஒரு கையெழுத்தும் மட்டும் காணப்படும் வழக்கத்துக்கு இந்த விதி நன்றாக இசைந்தது. வாழ்த்தை எழுதும் வேலை அச்சகத்துக்குப் போனது. அனுப்புபவருக்கு எஞ்சியது தெரிவும் கையெழுத்தும்.

முடிவுரை

மூன்று ஊடகமும் மூன்று விதமான குறுகிய வாழ்த்தை உண்டாக்கின. தந்தி மரியாதையை வெட்டிக் கருத்தை வைத்தது. தபாலட்டை மரியாதையை வைத்து அந்தரங்கத்தை வெட்டியது. அச்சிட்ட அட்டை இரண்டையும் அச்சுக்கு விட்டுப் பெயரை மட்டும் கேட்டது. இவற்றில் எதுவும் வாழ்த்துப்பாவையோ கல்வெட்டையோ நீக்கவில்லை. நேரில் வர முடியாதவரின் வருகைக்கு ஈடாகவே குறுஞ்செய்தி கொள்ளப்பட்டது. ‘நேரில் வந்தும், தந்தி மூலமும், தபால் மூலமும்’ அனுதாபம் தெரிவித்தோருக்கு நன்றி என்று பத்திரிகை அறிவித்தல்களிலும் நினைவு மலர்களிலும் வழங்கிய வாசகம் அந்த மதிப்பைச் சொல்கிறது. நீளத்தைப் பார்க்காமல், நேரில் வந்தவரின் வரிசையிலேயே தந்தி அனுப்பியவரும் வைக்கப்பட்டார்.

எண்ணும் அலகே மொழியைத் தீர்மானிக்கும் என்பது கைப்பேசியிலும் மெய்யாயிற்று. 1980களின் நடுப்பகுதியில் குறுஞ்செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்று ஜெர்மனியரான பிரீட்ஹெல்ம் ஹில்லபிரான்ட் வாதிட்டபோது, தபாலட்டைகளிலும் டெலெக்ஸ் செய்திகளிலும் மனிதர் எழுதும் நீளம் அவருக்குச் சான்றாக உதவியது. ஆனால் அந்த 160 ரோமன் எழுத்துக்கு உரியது. யூனிகோட் தமிழில் எல்லை 70. அதிலும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ஆறு எழுத்தாகத் தெரியும் ‘வாழ்த்துகள்’ அங்கே 11 இடத்தைப் பிடிக்கும். தந்திக் காலத்தில் ரோமன் எழுத்துக்குப் போன தமிழ் குறுஞ்செய்தியில் மறுபடியும் அங்கே போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தமிழில் வாழ்த்துபவர் தமிழிலேயே எழுத வேண்டுமென்றால், கணக்கிடும் அலகு தமிழ் எழுத்தை அறிந்ததாக இருக்க வேண்டும். சுருக்கம் தமிழுக்கு ஒருபோதும் தடையாக இருக்கவில்லை. பிறமொழி எழுத்தை அளவாகக் கொண்ட எண்ணிக்கையே தடையாக இருந்தது.