தில் கேட்ட மோர்

1990-ல் பெப்சி இந்தியாவுக்கு வந்தபோது, வெளிநாட்டுப் பெயரை மட்டும் வைத்து விற்க அனுமதி கிடைக்கவில்லை. 'அலை' என்ற பொருளுள்ள இந்திச் சொல்லைச் சேர்த்து 'லெஹர் பெப்சி' என்று விற்றார்கள். ஆக, மொழிக்கலப்பு அங்கே முதலில் கட்டாயத்தால் வந்ததுதான்!

1998-ல் விளம்பர எழுத்தாளர் அனுஜா சௌஹான் எழுதிய 'யே தில் மாங்கே மோர்' அப்படியல்ல. 'இந்த மனசு இன்னும் கேட்குது' என்று அர்த்தம். வாக்கிய அமைப்பு முழுக்க இந்தி. கடைசிச் சொல் மட்டும் ஆங்கிலம். அந்த இடத்தில் 'அவுர்' என்று இந்தியிலேயே போட்டிருந்தாலும் பொருள் மாறாது; ஆனால் டெல்லி, மும்பை கல்லூரிப் பையன்கள் பேசுகிற தொனி போய்விடும். 'மோர்' புரிவதற்கு ஆங்கிலப் படிப்பும் வேண்டாம். 1999 கார்கில் போரில் கேப்டன் விக்ரம் பத்ரா இதையே வெற்றிச் சமிக்ஞையாகச் சொன்னார்.

தமிழில் அது 'உள்ளம் கேட்குமே மோர்' ஆனது. பிரபலமானது உண்மைதான். ஆனால் 'தில்' இந்தியில் அன்றாடப் பேச்சு. நம் பசங்க யாரும் பேச்சில் 'உள்ளம்' என்பதில்லை, 'மனசு'தான். போதாததற்கு, கோலா குடிக்கக் கூப்பிட்ட விளம்பரம் தமிழ்க் காதுக்கு மோர் கேட்டது!