15 நாட்களில் 4 ஆட்டங்கள்: கால்பந்து அணியில் வீரர்களுக்குச் சுழற்சி முறையில் ஓய்வளிப்பது எவ்வாறு?

சான்பாடா (நவி மும்பை): ஹார்பர் வழித்தடத்தில் சான்பாடாவை அடுத்து ஜூயிநகர், அதற்கடுத்து நெரூல். அங்குள்ள டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் 2023-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, ஆசிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்துத் தொடரில் சவூதி அரேபியாவின் அல் ஹிலால் அணியை மும்பை சிட்டி எஃப்சி எதிர்கொண்டது. காயம் காரணமாக நெய்மர் வரவில்லை என்பதே அன்று ரசிகர்களின் பெரும் ஏமாற்றமாக இருந்தது. ஆனால், மும்பை அணியின் பயிற்சியாளர் குழுவுக்கு வேறொரு கவலை இருந்திருக்கும். அக்டோபர் 23 முதல் எண்ணினால், 15 நாட்களில் அது அவர்களுக்கு 4-ஆவது ஆட்டம்.

இத்தகைய நெரிசலான அட்டவணையில் யாரைக் களமிறக்குவது, யாருக்கு ஓய்வளிப்பது என்பதை முடிவு செய்வதே வீரர்கள் சுழற்சி. சிறந்த 11 பேரை உட்கார வைத்துவிட்டு இளம் வீரர்களை அனுப்புவது என்று அது பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. உண்மையில் அது ஒரு கணக்கேடு. ஒவ்வொரு வீரரும் களத்தில் இருந்த நிமிடங்கள், இரு ஆட்டங்களுக்கு இடையே கிடைத்த ஓய்வு நாட்கள், அந்த நாட்களில் பயணம் எடுத்துக்கொண்ட பங்கு ஆகிய மூன்றும் அதில் பதிவாகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்பவர் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவார். மும்பை சிட்டி அணியின் அந்தப் பருவத்து அட்டவணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அட்டவணை சொல்வது என்ன?

செப்டம்பர் 18-இல் புணேயில் ஈரானின் நசாஜி மசாந்தரான் அணியுடன் ஆசியத் தொடரைத் தொடங்கியது மும்பை. செப்டம்பர் 24-இல் குவாஹாட்டி, 28-இல் புவனேசுவரம் என இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆட்டங்கள். அக்டோபர் 3-இல் உஸ்பெகிஸ்தானின் நமங்கான் நகரில் நவ்பஹோர் அணியுடன் மோதல். அக்டோபர் 8-இல் மும்பையில் கேரளா பிளாஸ்டர்ஸ். ஆக, 21 நாட்களில் 5 நகரங்களில் 5 ஆட்டங்கள்.

சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவெளிக்குப் பிறகு இரண்டாவது நெரிசல் தொடங்கியது. அக்டோபர் 23-இல் ரியாத்தில் அல் ஹிலால், 28-இல் மும்பையில் ஹைதராபாத், நவம்பர் 2-இல் மும்பையில் பஞ்சாப், 6-ஆம் தேதி நெரூலில் மீண்டும் அல் ஹிலால்.

ஐந்து நாட்களுக்கும் குறைவான இடைவெளியில் நடைபெறும் இரு ஆட்டங்களிலும் ஒரு வீரர் 45 நிமிடங்களுக்கு மேல் விளையாடினால், அதைத் தனியாகக் குறித்துக் கண்காணிக்க வேண்டும் என்று உலகத் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்புரோ வலியுறுத்தி வருகிறது. ஆட்ட நாட்களை நீக்கி, நடுவிலுள்ள முழு நாட்களை மட்டும் எண்ணினால், மேற்கண்ட இரு நெரிசல்களிலும் சேர்த்து ஐந்துக்குக் குறைவான இடைவெளிகள் ஆறு. அவற்றில் இரண்டில் மூன்றே நாட்கள்.

கண்ணுக்குத் தெரியாத சோர்வு

ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய ஓர் அணியின் 32 வீரர்களை இரு பருவங்கள் கண்காணித்து, 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றிருந்தபோது, ஆயிரம் மணி நேர ஆட்டம் மற்றும் பயிற்சிக்கு 4.1 காயங்கள் ஏற்பட்டன. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் என்றானபோது அது 25.6 ஆக உயர்ந்தது. ஆனால், வீரர்கள் ஓடிய மொத்தத் தொலைவும் அதிவேக ஓட்டத்தின் அளவும் ஏறத்தாழ மாறவில்லை.

இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது. சோர்ந்த வீரர் களத்தில் சோர்ந்தவராகத் தெரிவதில்லை. அவர் வழக்கம்போலவே ஓடுகிறார். ஓர் அதிவேக ஓட்டத்தில் தொடையின் பின்தசை கிழியும்போதுதான் கணக்கு வெளியே தெரிகிறது. அதனால்தான் அணிகள் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. காலையில் தூக்கமும் தசைவலியும் எவ்வாறு இருந்தன என்று கேட்டு மதிப்பெண் இடுகின்றன. நின்ற இடத்திலிருந்து எகிறிக் குதிக்கும் உயரத்தை அளக்கின்றன. இரு முழங்கால்களுக்கு இடையே கருவியை வைத்து அழுத்தச் சொல்லித் தொடை இடுக்குத் தசையின் வலிமையைப் பார்க்கின்றன. ஒரு வீரரின் வழக்கமான அளவிலிருந்து அவை குறைந்தால் அதுவே எச்சரிக்கை. மற்றொருவரின் அளவுடன் ஒப்பிடுவதில் பொருளில்லை.

நான்கு நாளை விட மூன்று நாள் நீளமாவது

ஓய்வு நாட்களை மட்டும் எண்ணினால், புவனேசுவரத்துக்கும் நமங்கானுக்கும் இடையே நான்கு முழு நாட்கள். பஞ்சாப் ஆட்டத்துக்கும் நெரூல் ஆட்டத்துக்கும் இடையே மூன்றே நாட்கள். ஆகவே இரண்டாவதே கடினம் என்று தோன்றும். பயணத்தைச் சேர்த்தால் நிலைமை தலைகீழாகிறது.

ஐஎஸ்எல் ஆட்டங்கள் இரவில்தான் முடிகின்றன. செப்டம்பர் 28 இரவு ஆட்டம் முடிந்த வீரர் நள்ளிரவுக்குப் பிறகே உறங்கியிருப்பார். ஆசியத் தொடரில் ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்தியாளர் சந்திப்பும் அதிகாரப்பூர்வப் பயிற்சியும் உண்டு. எனவே, அக்டோபர் 2-ஆம் தேதி அணி நமங்கானில் இருந்தாக வேண்டும். மும்பையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,400 கிலோமீட்டர் தொலைவில், ஃபெர்கானா பள்ளத்தாக்கில் இருக்கும் அந்நகருக்கு ஒரே விமானத்தில் சென்று இறங்கிவிட முடியாது. இணைப்பு விமானமோ சாலைப் பயணமோ தேவை. ஆக, செப்டம்பர் 29, 30, அக்டோபர் 1 ஆகிய மூன்று நாட்களுக்குள் புவனேசுவரத்திலிருந்து புறப்படுவது, விசா மற்றும் விமான நிலையக் காத்திருப்பு, வெளிநாட்டில் தங்கும் விடுதி அனைத்தும் அடங்க வேண்டும். வீரர் தம் படுக்கையில் உறங்கி, மசாஜ் பெற்று, மெதுவாகப் பயிற்சி செய்யும் முழு நாள் என்று பார்த்தால் ஒன்று மிஞ்சினாலே பெரிது.

நேர மண்டல மாற்றம் இங்கு பெரிய காரணமல்ல. உஸ்பெகிஸ்தான் இந்திய நேரத்துக்கு அரை மணி நேரமே பின்தங்கியது; ரியாத் இரண்டரை மணி நேரம். அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்லும் அணிகளின் சிக்கல் வேறு. ஆசியப் பயணத்தில் உடலைத் தேய்ப்பது உட்கார்ந்திருக்கும் மணி நேரங்களும் உடையும் தூக்கமும்தான்.

நெரூல் ஆட்டத்துக்கு முன்போ விமானமே இல்லை. அந்தேரி அரங்கிலிருந்து நவி மும்பைக்குப் பேருந்துப் பயணம். மும்பை நெரிசலில் அதுவும் சிறு சோதனைதான் என்றாலும், மூன்று நாட்களும் முழுதாக ஓய்வுக்குக் கிடைத்தன.

ஒரு நடுக்கள வீரரின் ஏடு

இப்போது நிமிடங்களைச் சேர்க்கலாம். பெயரில்லாத ஒரு நடுக்கள வீரரை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்கான எண்கள், எந்த வீரரின் பதிவும் அல்ல. ரியாத் முதல் நெரூல் வரை நான்கு ஆட்டங்களையும் அவர் முழுமையாக ஆடினால் 360 நிமிடங்கள். அடுத்தடுத்த இரு ஆட்டங்களிலும் 45 நிமிடங்களைத் தாண்டிய நிகழ்வு மூன்று முறை பதிவாகும்.

மாறாக, ரியாத்தில் 90 நிமிடங்கள் ஆடியவரை ஹைதராபாத் ஆட்டத்தில் கடைசி 25 நிமிடங்களுக்கு மட்டும் இறக்கி, பஞ்சாப் ஆட்டத்தில் 70-ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்து, நெரூலில் முழுமையாக ஆட வைத்தால் மொத்தம் 275 நிமிடங்கள். குறைந்தது 85 நிமிடங்கள், அதாவது ஓர் ஆட்டத்துக்கும் குறைவு. ஆனால், மூன்று நெருக்கடி இணைப்புகள் ஒன்றாகிவிட்டன. மிஞ்சிய ஒன்றும் பயணமில்லாத இடைவெளியில் வருகிறது. அக்டோபர் 23-இல் இருந்து நவம்பர் 2 வரை அவர் தசைகளுக்கு ஏறத்தாழ பத்து நாள் அவகாசம் கிடைக்கிறது. மொத்த நிமிடங்களைக் குறைப்பதைவிட அவற்றை எங்கே குறைப்பது என்பதே இங்கு வேலை. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து மாற்று வீரர்கள் என்ற விதி இதை எளிதாக்கியது.

எல்லா இடங்களுக்கும் இது பொருந்தாது. கோல்காப்பாளரைச் சுழற்றுவதில் உடல்ரீதியான பயன் குறைவு. நடுத் தற்காப்பு இணையைக் கலைத்தால் புரிதல் கெடும் என்று பயிற்சியாளர்கள் தயங்குகின்றனர். அதிவேக ஓட்டம் மிகுந்த ஓரத் தாக்குதல் வீரர்களும் ஓரத் தற்காப்பு வீரர்களுமே முதலில் ஓய்வு தேவைப்படுவோர்.

இந்திய அணிகளுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பருவத்தில் ஐஎஸ்எல் ஆட்டங்களில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரே களத்தில் இருக்கலாம். ஆசியத் தொடரில் ஆறு பேர் வரை ஆடலாம். இதனால், வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தொடரில் தானாகவே சுழற்சி அமைந்துவிடுகிறது. இந்திய வீரர்கள் ஏழு பேர் தேவைப்படும் ஐஎஸ்எல் ஆட்டங்களில்தான் சுமை இவர்கள் மீது விழுகிறது. அவர்களே தேசிய அணிக்கும் செல்கின்றனர். அக்டோபர் 8-க்குப் பிறகு காலியாகத் தெரியும் இரு வாரங்களில், 13-ஆம் தேதி கோலாலம்பூரில் மலேசியாவுடன் இந்தியா மோதியது. அதில் மும்பை வீரர் லாலியன்சுவாலா சாங்டே ஆடினார். நவம்பரில் 16-ஆம் தேதி குவைத், 21-இல் புவனேசுவரத்தில் கத்தார், அதன்பின் 28-இல் ஈரானில் கிளப் ஆட்டம். கிளப்பின் அட்டவணையில் ஓய்வாகத் தெரிவது, சர்வதேச வீரரின் ஏட்டில் ஓய்வல்ல.

பெஞ்சில் இருப்பவரின் ஏடு இதற்கு நேர்மாறானது. அணியுடன் பறந்து, விடுதியில் தங்கி, ஆடாமல் திரும்புபவருக்குப் பயணச் சோர்வு உண்டு, ஓட்டம் இல்லை. மூன்று வாரங்கள் இப்படிக் கழிந்தபின் திடீரென 90 நிமிடங்கள் ஆடச் சொன்னால், ஓய்வெடுத்தவரே காயமடைவார். அதனால்தான் இறுதி விசிலுக்குப் பிறகு காலியான அரங்கில் மாற்று வீரர்கள் மட்டும் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைக் காண முடிகிறது. தொலைக்காட்சி அதைக் காட்டுவதில்லை.

ஒரு புள்ளி

ஆசியத் தொடரின் ஆறு ஆட்டங்களிலும் மும்பை தோற்றது. ரியாத்தில் 0-6, நெரூலில் 0-2. இந்த வித்தியாசத்தை ஓய்வின் பலனாகக் காட்டத் தோன்றும். ஆனால் சொந்த ஊர், எதிரணியின் தேர்வு, தற்காப்பு உத்தி எனப் பல காரணிகள் கலந்திருக்கையில் இரண்டு ஆட்டங்களை வைத்து அப்படிச் சொல்ல இயலாது.

ஐஎஸ்எல்லில் விலை வேறுவிதமாக இருந்தது. ரியாத்திலிருந்து திரும்பி ஐந்தாம் நாள், அக்டோபர் 28-இல், ஹைதராபாத்துடன் 1-1 என மும்பை சமன் செய்தது. 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியுடன் கடைசி இடத்தில் முடிந்த அணி அது. பருவத்தின் இறுதியில் மோகன் பகான் 48 புள்ளிகளுடன் லீக் ஷீல்டை வென்றது. மும்பை பெற்றவை 47.