இருபதாயிரம் என்றால் எத்தனை மணித்தியாலம்?

கல்லடிப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன்களின் ஒலியைப் பதிவுசெய்ய, ஒரு பௌர்ணமி இரவில் தோணியில் போனேன். தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கியும் பழைய மடிக்கணினியும் கொண்டுபோனேன். மடிக்கணினியின் மின்கலம் பழுதாகி ஏற்கெனவே கழற்றியாயிற்று. அதனால் புதிதாக வாங்கிய பவர் பேங்க்கை மட்டுமே நம்பியிருந்தேன்.

விற்ற தம்பி சொன்ன கணக்கு எளிமையானது. "உங்கட லெப்டொப் பற்றரி 4400. இது 20000. நாலரைத் தரம் ஏத்தலாம் அண்ணன், விடியும்வரை தாராளம்." பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒரு மணியளவில், ஒலி தெளிவாகக் கேட்கத் தொடங்கிய நேரம் பார்த்து, திரை இருண்டுவிட்டது.

தம்பி பொய் சொல்லவில்லை. இரண்டு எண்களும் மில்லி அம்பியர் மணியில் இருந்ததால் ஒப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த அளவு, வோல்டேஜைச் சொல்லாமல் பாதிக் கதையையே சொல்கிறது. மடிக்கணினி மின்கலம் 11.4 வோல்ட். பவர் பேங்க்கின் உள்ளே இருக்கும் கலங்கள் 3.7 வோல்ட். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வோட் மணி வேண்டும்:

```
20000 mAh × 3.7 V ÷ 1000 = 74 Wh
 4400 mAh × 11.4 V ÷ 1000 = 50 Wh
```

நாலரை மடங்கு என்று நினைத்தது உண்மையில் ஒன்றரை மடங்குதான். வீடுகளில் யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியைப் பாருங்கள். எண்ணில் அது 7000 மட்டுமே. ஆனால் பெருக்கினால் 84 வோட் மணி வருகிறது.

அந்த 74 வோட் மணியும் முழுதாகக் கைக்கு வராது. 3.7 வோல்ட்டை மடிக்கணினி கேட்கும் வோல்டேஜுக்கு உயர்த்தும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நான் ஐந்தில் நாலு பங்கு என்று வைத்துக்கொள்கிறேன், ஏறத்தாழ 59. பதிவு செய்துகொண்டிருந்தபோது என் மடிக்கணினி சராசரியாக 20 வோட் இழுத்தது. 59ஐ 20ஆல் வகுத்தால் கொஞ்சம் குறைய மூன்று மணித்தியாலம். திரை இருண்ட நேரமும் அதுதான். வெளிச்சத்தைக் குறைத்து 12 வோட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் ஐந்து மணித்தியாலத்தை எட்டியிருக்கும்.

இழுக்கும் வோட் எவ்வளவு என்பதைச் சார்ஜரில் உள்ள எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அது அதிகபட்சம் மட்டுமே. வயருக்கு நடுவில் செருகும் சிறிய யூஎஸ்பி மீட்டர் உண்மையான அளவைக் காட்டும். போலியைப் பிடிக்கவும் அது உதவும்: முழுதாக ஏற்றிய பவர் பேங்க்கைக் காலியாகும்வரை ஓடவிட்டு, வெளியே வந்த மொத்த வோட் மணியைப் பாருங்கள். கடையில் வைத்தே சந்தேகம் வந்தால் எடை பார்க்கலாம். நல்ல லித்தியம் கலங்கள் கிலோவுக்குச் சுமார் 250 வோட் மணி கொள்ளும். ஆகவே 30000 என்று எழுதிய பெட்டி 200 கிராம்தான் நிறுக்கிறது என்றால், எழுத்தை நம்பாதீர்கள்.

இந்தக் கணக்குத் தெரியாததால் கட்டுநாயக்கவில் பொருளை இழந்தவரும் உண்டு. கட்டாருக்கு வேலைக்குப் போன என் மைத்துனர் 30000 பவர் பேங்க் ஒன்றைக் கொண்டுபோனார். விமானப் பயணிகளுக்கான பொது விதி இது: 100 வோட் மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை, 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது, 160ஐத் தாண்டினால் இடமில்லை. எந்த அளவானாலும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பொதிக்குள் போடக்கூடாது.

மைத்துனர் பின்பக்கத்தில் வேறொரு வரியைக் காட்டி வாதாடியிருக்கிறார்: 5 வோல்ட்டில் 18000, அதாவது 90 வோட் மணி. அது வெளியே வரும் அளவு. விதி பார்ப்பதோ உள்ளே இருக்கும் கலங்களை. 30 ஐ 3.7ஆல் பெருக்கினால் 111. முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தால் ஒருவேளை கொண்டுபோயிருக்கலாம். வரிசையில் நின்றுகொண்டு கேட்க முடியவில்லை. 26800 என்ற விசித்திரமான எண்ணோடு பவர் பேங்க்குகள் விற்பனைக்கு வருவதன் காரணமும் இதுவே: அது 99.16 வோட் மணி.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று, புறப்படுமுன் தீப்பற்றியது. 176 பேரும் உயிரோடு இறங்கினார்கள். பவர் பேங்க் ஒன்றின் உட்பகுதி சேதமே காரணமாக இருக்கலாம் என விசாரணையாளர்கள் கூறினர். அதன்பின் பல நிறுவனங்கள் பொது விதியை விடவும் இறுக்கமாகிவிட்டன. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல், 100 வோட் மணிக்குக் குறைந்த ஒன்றை மட்டுமே அனுமதிக்கிறது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் முடியாது. அளவு அதில் தெரியும்படி எழுதியிருக்கவும் வேண்டும்.

உப்புக் காற்றிலும் ஈரக்கையிலும் என் பவர் பேங்க்கின் எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதோடு கட்டுநாயக்கவுக்குப் போனால் 74 என்று நான் வாயால் சொல்வதை ஏற்கமாட்டார்கள். அடுத்ததை வாங்கியதும், எழுத்தின் மேல் தெளிவான ஒட்டுநாடா ஒட்டிவிட்டுத்தான் தோணியில் ஏற்றினேன்.